விரல் தப்பா... மனசு தப்பா?

ராத்திரி எட்டு மணிக்கு செல்போனில் அலாரம் அடித்ததும், எதிர்வீட்டுப் பெண் சீரியலைக்கூட தியாகம் பண்ணிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். தமிழ் டைப்பிங் பயிற்சி. ஐந்தே நிமிஷம், தினம் ஒரு புதுப் பத்தி. நேற்று அடித்ததையே இன்றைக்கும் அடித்தால் வேகம் ஏறின மாதிரி தெரியும். ஏறினது ஞாபகசக்திதான்!

இன்னொரு கண்டிஷன்: அந்த ஐந்து நிமிஷமும் அழிக்கிற பட்டன் பக்கமே கை போகக்கூடாது. அழித்து அழித்து அடித்தால் கடைசியில் பத்தி பளிச்சென்று இருக்கும். எங்கே தடுக்குகிறது என்பது மட்டும் தெரியாது.

திங்கட்கிழமை 900 தட்டு தட்டியிருந்தாள். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு வைத்தால் 180 சொல், நிமிஷத்துக்கு 36. தப்பு 36, அதாவது நூற்றுக்கு 96 சரி. வெள்ளிக்கிழமை 1,000 தட்டு, வேகம் 40. ஆனால் தப்பு 70! சரியானது 93-க்கு இறங்கிவிட்டது. வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் வீட்டில் கேசரி கிண்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சார்ட் போடும்போதுதான் விஷயமே. எத்தனை தப்பு என்பதோடு, எதற்குப் பதில் எது விழுந்தது என்றும் எழுதுகிறாள். அந்த வாரம் 'ர' வரவேண்டிய இடத்தில் 'ல' 84 தடவை, 'ள' இடத்தில் 'ற' 62 தடவை, 'ல' இடத்தில் 'ள' 51 தடவை.

அவள் பழகுவது தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதில் 'ல'வும் 'ர'வும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. 'ள'வும் 'ற'வும் மேல் வரிசையில் அதேபோல. நாலுக்கும் வலது கை ஆள்காட்டி விரல்தான் பொறுப்பு. ஆக, முதல் இரண்டும் விரல் செய்கிற தப்பு. மலர், பலர், ஆறுகள் என்று இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகிற சொற்களை வேகத்தைக் குறைத்து அடித்தால் சரியாகும். அடுத்த வாரமே 84 என்பது 40 ஆனது.

ஆனால் 'ல'வுக்கும் 'ள'வுக்கும் நடுவே ஒரு வரிசையே இருக்கிறது. விரல் அவ்வளவு தூரம் வழுக்காது, சார்! வேலையா வேளையா, பல்லியா பள்ளியா என்று மனசுதான் தடுமாறியிருக்கிறது. இதற்கு விசைப்பலகையில் மருந்து கிடையாது. தப்பான சொற்களை அகராதியில் பார்த்து நோட்டில் எழுதத்தான் வேண்டும். எழுதாததால் 51, அடுத்த வாரமும் 49-லேயே நின்றது.

ஜ, ஷ நிறைய வருகிற பத்தி என்றால் ஷிஃப்ட் அழுத்தியே வேகம் குறையும். அதையும் சார்ட் ஓரத்தில் குறித்துவிடுகிறாள். போன புதன்கிழமை பத்தியில் பப்பாளி வந்தது. 'ப'வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் 'ப' மேல் தானே புள்ளி விழுந்துவிடும். 'ப' தட்டி, நடுவே ஒரு 'அ' தட்டிவிட்டு அடுத்த 'ப'வுக்குப் போகவேண்டும். அன்றைக்கு ஐந்து பப்பாளி, ஐந்தும் அழுகல்! சார்ட்டில் இப்போது பப்பாளிக்கென்று தனிக் கட்டம்.