ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

காலை ஆறே முக்காலுக்கு நடை முடிந்ததும் எங்கள் நடையாளர் சங்கத்தினர் வழக்கமாகப் போவது பூங்கா வாசலில் இருக்கும் டீக்கடைக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பேச வந்திருந்த மருத்துவர் பையிலிருந்து எடுத்தவை இரண்டே பொருட்கள்: ஒரு கிலோ உப்புப் பாக்கெட், ஒரு டீஸ்பூன்.

ஸ்பூனில் உப்பை அள்ளி, மேலே குவிந்திருந்ததை விரலால் வழித்துவிட்டுக் காட்டினார். “இது சுமார் 5 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் இதற்குள்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், சட்னி, ஊறுகாய், பிஸ்கட் எல்லாம் இதில் அடக்கம்.”

“தினமும் யார் சார் அளந்து போடுவது?” என்றார் ஓர் அம்மா.

“அளக்க வேண்டாம்மா. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒரு பாக்கெட் எத்தனை நாள் வரும்?”

“நாலு பேர். மாசம் ஒண்ணு சரியா ஆயிடும்.”

கணக்கு அங்கேயே போடப்பட்டது. நாலு பேருக்கு நாளொன்றுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்கிறது என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். கொஞ்சம் வீணாவதைக் கழித்தாலும், கடையில் வாங்கும் ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியாக வருகிறது.

எங்கே குறைப்பது? குழம்பிலும் பொரியலிலும் உப்பு இருக்கும்போது சாதத்துக்கும் தனியாகப் போட வேண்டியதில்லை. முதலில் அதை நிறுத்தலாம் என்றார். மற்றவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். கல்லுப்பு, இந்துப்பு என்று மாறுவதால் பயனில்லை. அவையும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பாக்கெட் உணவில் சோடியம் என்று மில்லிகிராமில் அச்சிட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

சர்க்கரைக்கு வந்தபோது எல்லோர் பார்வையும் டீக்கடைப் பக்கம் போனது. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் ஆறு ஸ்பூன். ஸ்பூன் குவிந்திருந்தால் 30 கிராமைத் தொடும். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். டீயிலேயே அது தீர்ந்துவிட்டது. 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்தில் 300 மில்லி குடித்தால் 33 கிராம். “நாங்க நாட்டுச்சர்க்கரைதான் சார்” என்று ஒரு குரல் எழுந்தது. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே இந்த 25 கிராமுக்குள் அடங்க வேண்டியவைதான்.

தண்ணீருக்கு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவை அவர் சொல்லவில்லை. நடக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள் என்றார். நடுவில் எதுவும் குடிக்காமல் அரை கிலோ குறைந்திருந்தால், வியர்வையில் போனது சுமார் அரை லிட்டர். அதை ஒரே மூச்சில் குடிக்காமல் அடுத்த ஓரிரு மணி நேரத்தில் குடித்தால் போதும். ஒரு மணி நேர நடைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் தேவையில்லை, அது வயிற்றுப்போக்குக்கானது.

வயது ஏற ஏறத் தாகம் மங்கும் என்பதால் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் இருக்கிறது. பகலிலும் அடர் மஞ்சளாகப் போனால் குடிக்க வேண்டும். காலை எழுந்ததும் போகும் சிறுநீர் எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும். வைட்டமின் மாத்திரையும் நிறத்தை மாற்றும். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்களுடைய மருத்துவர் சொன்ன அளவே அவர்களுக்கு அளவு. மற்றவர்களும் தாகமில்லாமல் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகலாம்.

உப்புக் கணக்கை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். இருவர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ 100 நாள் வர வேண்டும். நால்வர் இருந்தால் 50 நாள்.