கொக்கைப் பறக்கவிடும் பன்னிரண்டு படங்கள்

அனிமேஷன் படம் ஒன்றில் வயல்காட்டின் மேலே ஒரு கொக்கு பறந்துபோக வேண்டும். திரையில் அது இருக்கப்போவது நான்கைந்து நொடிதான். சிறகு மேலே இருக்கும்படி ஒரு படம், கீழே இருக்கும்படி ஒரு படம், நடுவில் சில படங்கள் என்று வரைந்துவிட்டால் போதும் என்றுதான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் சிறகு அசையும், ஆனால் கொக்கு பறப்பதாகத் தோன்றாது. பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் மனம் ஒப்பாது. அந்தச் சிறகை எதிர்த்து எந்தக் காற்றும் தள்ளவில்லை என்பதுதான் குறை.

கொக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உண்ணிக்கொக்கையும் சின்னக் கொக்கையும் விட உருவத்தில் பெரியதான பெரிய கொக்கு, நிதானமாகப் பறக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு முறை சிறகடிக்கிறது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. ஆகவே ஒரு சிறகடிப்புக்குப் பன்னிரண்டு ஃபிரேம் கிடைக்கிறது. சிறகின் ஒவ்வொரு நிலையையும் காட்ட இது தாராளமான இடம். சிட்டுக்குருவி நொடிக்குப் பத்துக்கும் மேல் சிறகடிக்கும். அதற்குக் கிடைப்பது இரண்டரை ஃபிரேம்கூட இல்லை என்பதால், அங்கே சிறகைக் கலங்கலான ஒரு தீற்றலாகக் காட்டுவதைத் தவிர வழியில்லை. கொக்கிடம் அப்படி மறைத்துக்கொள்ள முடியாது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ஜூல் மரே 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும். பறவைகளைக் குறிபார்த்து அவர் அதில் எடுத்த படங்களுக்குப் பிறகு, சிறகடிப்பை ஊகித்து வரைய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சிறகு நேராக மேலும் கீழும் போய் வருவதில்லை. இறங்கும்போது கீழேயும் கொஞ்சம் முன்னேயும் போகிறது, ஏறும்போது மேலேயும் கொஞ்சம் பின்னேயும் வருகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சிறகு நுனி சாய்ந்த ஒரு நீள்வட்டத்தைப் போடுகிறது. அந்த வட்டம் நேர்கோடாகச் சுருங்கிவிட்டால் கொக்கு அந்தரத்தில் நின்றபடி கையை ஆட்டுவதுபோல் ஆகிவிடும்.

பன்னிரண்டு ஃபிரேமை எப்படிப் பங்கிடுவது? சம பங்காக ஆறு ஆறு என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நிதானமாகப் பறக்கும் பெரிய பறவைக்கு, இறங்குவதற்கு ஏழும் ஏறுவதற்கு ஐந்தும் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இறங்கும் சிறகு முழுதாக விரிந்து காற்றை அழுத்துகிறது, அந்த எதிர்ப்பில் அது விரைந்து போய்விட முடியாது. ஏறும் சிறகு மடங்கிக்கொண்டு சுமையில்லாமல் வருகிறது.

முதல் ஃபிரேமில் சிறகு உச்சியில் இருக்கட்டும். தோள் அப்போதே இறங்கத் தொடங்கிவிடுகிறது, நுனி இறகுகளோ இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. நான்காவது, ஐந்தாவது ஃபிரேமில் சிறகு முழு நீளத்துக்கு விரிந்திருக்கிறது, நுனிகள் காற்றின் அழுத்தத்தில் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. எட்டாவதில் சிறகு அடியைத் தொடுகிறது. ஒன்பதாவதில் தோளும் முழங்கையும் ஏறத் தொடங்க, மணிக்கட்டு மடங்குகிறது, நுனி மட்டும் இன்னும் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது. பத்து, பதினொன்றில் சிறகு தன் முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் குறுகி, மணிக்கட்டு முன்னே போக இறகுகள் பின்னால் இழுபட்டு வருகின்றன. பன்னிரண்டில் மணிக்கட்டு உச்சியை நெருங்கித் திறக்கிறது. அடுத்து வருவது மறுபடி முதல் படம்தான். பதிமூன்றாவதாக முதல் படத்தையே இன்னொரு முறை சேர்த்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் தவறு. அரை நொடிக்கு ஒரு முறை கொக்கு மேலே ஒரு கணம் தடுக்கி நின்றால், அந்த இரட்டைப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். தோள் செய்வதையே முழங்கை சற்றுத் தாமதமாகச் செய்கிறது, மணிக்கட்டு இன்னும் தாமதமாக, நுனி எல்லாவற்றுக்கும் கடைசியாக. தோளுக்கும் நுனிக்கும் நடுவே இரண்டு ஃபிரேம் தாமதம் இருந்தால் கொக்குக்குப் போதும். நான்கு ஃபிரேம் கொடுத்தால் எலும்பே இல்லாத சிறகாகிவிடும். தாமதமே இல்லையென்றால் தகரத்தில் வெட்டிய சிறகு.

இனி இறகுகள். சிறகின் கைப்பகுதியிலிருந்து கிளம்பும் நீண்ட இறகுகள் பெரும்பாலான பறவைகளுக்குப் பத்து இருக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலிருந்து கிளம்புபவை இரண்டாவது வரிசை. ஒவ்வொரு இறகுக்கும் நடுத்தண்டின் முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். மேலிருந்து பார்த்தால், உடலுக்கு அருகில் உள்ள இறகு தனக்கு வெளிப்புறம் உள்ள இறகின் அகலப் பக்கத்தின் மேல் ஏறிப் படுத்திருக்கும். நுனியிலிருந்து உடல் வரை இதே ஒழுங்குதான். சிறகு கீழே அழுத்தும்போது கீழிருந்து வரும் காற்று அந்த அகலப் பக்கத்தை மேலே தள்ளி, பக்கத்து இறகோடு நெருக்கிவிடுகிறது. இடைவெளி அடைபடுகிறது. காற்று ஒழுகிப் போகாமல் கொக்கைத் தூக்குகிறது.

இறகுகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது நடுவில் பிளந்துபோகாமல் இருப்பது எப்படி என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் லெண்டிங்க் குழுவினர் புறாக்களில் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். இறகுகள் உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. செருப்புப் பட்டையில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ போன்றவைதான், ஆனால் ஒரு திசையில் மட்டும் பிடிப்பவை. சிறகு விரியும்போது ஒரு அளவுக்கு மேல் பிரியாமல் பிடித்துக்கொள்ளும், மடங்கும்போது தாமாக விட்டுவிடும்.

அனிமேட்டருக்கு இதில் நேரடியாகவே பாடம் இருக்கிறது. பத்து இறகும் பத்து வழியில் ஆடக் கூடாது. முப்பரிமாண மென்பொருளில் ஒவ்வொரு இறகுக்கும் தனி அசைவு கொடுக்கும் ஆசை வந்துவிடும், கொடுத்தால் சிறகு விரல்களை ஆட்டும் கையாகிவிடும். வெளிக்கோடி இறகு ஒன்று, உள்கோடி இறகு ஒன்று என்று இரண்டை மட்டும் கையால் அசைத்து, நடுவில் உள்ளவை அந்த இரண்டுக்கும் இடையே விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளும்படி செய்வதே நல்ல வழி. மணிக்கட்டு மடங்கினால் எல்லா இறகுகளும் சேர்ந்து நெருங்கி, கைப்பகுதி இறகுகள் உள்வரிசையின் அடியில் நுழைய வேண்டும். நுனி வளைவிலும் ஒழுங்கு உண்டு. வெளிக்கோடி இறகு அதிகம் வளையும், உள்ளே வர வர குறையும்.

அடுக்கின் ஒழுங்கு ஒரு ஃபிரேமில் தவறினாலும் ஒரு இறகு இன்னொன்றைத் துளைத்துக்கொண்டு வரும். வெள்ளைச் சிறகில் அது கருங்கீற்றாக ஒரு முறை மின்னி மறையும். வேகமாக ஓடும்போது என்ன நடந்தது என்று பிடிபடாது. ஏறும் ஐந்து ஃபிரேமையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கும் இடத்தில் அகப்படும். ஒவ்வொரு இறகையும் முந்தையதைவிட ஒரு நூலளவு உயர்த்தி வைத்திருந்தால் இது நேராது. கையால் வரைபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் சிறகின் பின்விளிம்பை ஒரே கோடாக இழுத்து, நுனியில் மட்டும் இறகுகளைப் பிரித்துக் காட்டுவார், அதுவே போதுமானது.

உடலையும் மறந்துவிடக் கூடாது. சிறகு இறங்கும்போதுதான் தூக்குவிசை கிடைக்கிறது. ஆனால் உடல் உடனே உச்சிக்குப் போய்விடாது, சிறகு அடியைத் தொட்டு ஓரிரு ஃபிரேம் கழித்தே போகும். எட்டாவதில் சிறகு அடியில் இருந்தால் உடல் ஒன்பது, பத்தில் உச்சியில் இருக்கும். சிறகு மீண்டும் இறங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு, மூன்றாவது ஃபிரேமில் உடல் மிகத் தாழ்ந்திருக்கும். தலை மட்டும் இந்த ஏற்ற இறக்கத்தில் சேருவதில்லை. கொக்கு கழுத்தை எஸ் வடிவில் மடக்கிக்கொண்டுதான் பறக்கும், உடலின் குலுக்கலை அந்தக் கழுத்து வாங்கிக்கொள்ள, கண் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். பின்னால் நீட்டிய கால்கள் உடலைவிட ஒரு ஃபிரேம் பிந்தி மெல்ல ஆடும்.

வேகம் இன்னொரு கணக்கு. பெரிய கொக்கு மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதாவது அரை நொடியில், ஒரே சிறகடிப்பில், ஐந்து மீட்டருக்கும் மேல். கழுத்தை மடக்கிய கொக்கு ஒரு மீட்டர் நீளம்கூட இராது. ஆகவே பக்கவாட்டுக் காட்சியில் ஒரு சிறகடிப்புக்குள் கொக்கு தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் தாண்டியிருக்க வேண்டும். அரை மடங்கே நகர்ந்தால், சிறகடிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் எதிர்க்காற்றில் திணறும் பறவையாகத்தான் தெரியும்.

சிறகை விரித்து மிதப்பதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு, விரிந்த சிறகோடு கொக்கை நேர்கோட்டில் இழுத்துவிடுகிறார்கள். மிதக்கும்போதும் அதே எடையை அதே சிறகுதான் தாங்குகிறது, அடிப்பது மட்டும்தான் நின்றிருக்கிறது. எனவே நுனி இறகுகள் ஓய்வாகத் தொங்க முடியாது. கீழ்நோக்கி அழுத்தும்போது வளைந்ததைப்போலவே, அதைவிடக் கொஞ்சம் குறைவாக, மேல்நோக்கி வளைந்தே இருக்க வேண்டும். கொக்கின் சிறகு மிதக்கும்போது ஒரு வில்லைப்போல் லேசாகக் கவிந்திருக்கும். பருந்தைப் பார்த்துப் பழகியவர்கள் அதைத் தட்டையாக வரைந்துவிடுகிறார்கள்.

மிதப்புக்குள் போகும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். முழு வீச்சிலிருந்து சட்டென்று நிற்காமல், கடைசிச் சிறகடிப்பின் வீச்சைப் பாதியாகக் குறைக்கலாம். அதன் ஏற்றத்தில் சிறகு தோள் மட்டத்துக்குச் சற்று மேலே வந்து, அங்கிருந்து ஏழெட்டு ஃபிரேம் எடுத்துக்கொண்டு மிதக்கும் நிலையில் அமரட்டும். தோள் முதலில் அமரும், நுனி கடைசியாக அமரும். உடலின் ஏற்ற இறக்கமும் அதோடு ஓய்ந்துபோகும். அந்தக் கணத்திலிருந்து பாதை சரியத் தொடங்க வேண்டும். உந்தித் தள்ளும் விசை இல்லாத பறவை, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத்தான் வேகத்தைக் காப்பாற்ற முடியும். பாதை மட்டமாகவே போனால் வேகம் குறைந்தாக வேண்டும். உயரமும் குறையாமல் வேகமும் குறையாமல் இரண்டு நொடி ஓடினால், பின்னாலிருந்து யாரோ கொக்கை நூல்கட்டி இழுப்பது தெரிந்துவிடும்.

அந்த இரண்டு நொடியின் 48 ஃபிரேமும் அசைவற்றும் இருக்காது. இடது சிறகு நுனி ஓரிரு பாகை உயர, வலது அதே அளவு தாழும். உடல் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து நிமிரும். இவை சீரான இடைவெளியில் வந்தால் தாலாட்டுபோல் ஆகிவிடும் என்பதால், ஒன்றைப் பத்தாவது ஃபிரேமிலும் அடுத்ததை முப்பதுக்குப் பிறகும் வைக்க வேண்டும்.

மிதந்த கொக்கு மீண்டும் சிறகடிக்கும்போது பலர் சிறகை நேரே கீழே கொண்டுபோகிறார்கள். மிதக்கும் நிலையிலிருந்து கீழே அழுத்தச் சிறகுக்குப் பாதித் தொலைவுதான் மிச்சம், முழு வலு கிடைக்காது. கொக்கு முதலில் சிறகை உயர்த்தும். உயர்த்தும் அந்த நான்கைந்து ஃபிரேமில் தாங்குவதற்கு ஆளில்லாமல் உடல் சற்றுத் தாழும். அதன் பிறகு வரும் முதல் அடி, அடுத்து வருபவற்றைவிட ஆழமாக இருக்கும். இழந்த அந்தக் கொஞ்சம் உயரத்தை மீட்பதற்கு இரண்டு சிறகடிப்பு பிடிக்கும், மூன்றாவதிலிருந்து பன்னிரண்டு படச் சைக்கிளைப் பழையபடி ஓடவிடலாம்.