"சம்பளத்தை ஏத்தித் தர்றோம், இருங்க" என்றால்?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கும் பெண் ராஜினாமா மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆண்டுச் சம்பளம் 9 லட்சம், புதிய இடத்தில் 12 லட்சம். நோட்டீஸ் காலம் 90 நாள். இரண்டே நாளில் மேனேஜர் கூப்பிட்டு, "மேல பேசிட்டேன், 12.5 தர்றோம், போகாதீங்க" என்கிறார்.

போவதென்று முடிவெடுத்துவிட்டவர்கூட இந்த இடத்தில் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிடுவார். முகத்துக்கு நேராக மறுக்கக் கூச்சம். மேனேஜருக்கோ அது பேரம் இன்னும் முடியவில்லை என்றுதான் கேட்கும். அவர் மறுபடி மேலிடத்தில் போராடி ஒப்புதல் வாங்கி வருவார். அதன்பிறகு மறுத்தால்தான் கசப்பு.

காரணம் சொல்வதிலும் கவனம் வேண்டும். "சம்பளம் பத்தல" என்றால் தொகை கூடும். "ஆன்சைட் கிடைக்கல" என்றால் அடுத்த காலாண்டில் அனுப்புவதாக வாக்குறுதி வரும். நிறுவனத்தால் நிறைவேற்ற முடிந்த எந்தக் காரணமும் அடுத்த சுற்றுப் பேச்சுக்கு வழி திறக்கும். புதிய இடத்தின் பெயரையோ சம்பளத்தையோ சொன்னாலும் இதே கதைதான்.

அந்தப் பெண் இப்படிச் சொல்லலாம்: "எனக்காக மேல பேசினதுக்கு ரொம்ப நன்றி சார். ஆனா அங்க ஆஃபரை ஏத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன், அதை மாத்துறதா இல்ல. ஹேண்டோவர் யாருக்குன்னு சொன்னீங்கன்னா திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடறேன்." நன்றி முதலில், மறுப்பு நடுவில், கடைசியில் வேலை. பேச்சு தொகையிலிருந்து ஹேண்டோவருக்கு நகர்ந்துவிடுகிறது.

அடுத்து ஹெச்.ஆர். கூப்பிடலாம், மேனேஜருக்கு மேலே இருப்பவரும் கூப்பிடலாம். அவர்களிடமும் இதையே சொல்ல வேண்டும். புதுக் காரணம் ஒன்றைச் சேர்த்தால் அதற்கும் பதில் தேடுவார்கள். அன்றைக்கே நான்கு வரி மெயிலில் நன்றியையும், முடிவில் மாற்றமில்லை என்பதையும், கடைசி வேலை நாளையும் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. பேசியது பதிவாகிவிடும்.

பணிவு வெறும் நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. 90 நாளைக் குறைத்து முன்கூட்டியே விடுவிப்பது பெரும்பாலும் அந்த மேனேஜர் கையில்தான் இருக்கிறது. ரிலீவிங் லெட்டர், கணக்கு முடித்துத் தரும் பணம், புதிய நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் இங்கிருந்துதான் நகர வேண்டும்.

இன்னொன்று, அந்த 12.5 லட்சம் பற்றி சக ஊழியர்களிடம் மூச்சுவிடக் கூடாது. "போறவங்களுக்குத் தர்றீங்க, இருக்கிற எங்களுக்கு?" என்று நாளை நான்கு பேர் மேனேஜர் முன்னால் போய் நிற்பார்கள். ஆஃபரை மறுத்ததை அவர் மறந்துவிடக்கூடும். இதை மறக்க மாட்டார்.