கரப்பான் உள்ள குழந்தையின் துணிகளை அலசும் முறை

கரப்பான் எனப்படும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு எந்தச் சோப்புத்தூள் நல்லது என்பது பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. அதற்கு விடை உண்டு. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உள்ளது. துவைத்து உலர்ந்த துணியில் அந்தத் தூளில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? நல்ல தூளை வாங்கிச் சரியாக அலசாமல் விடுவதைக் காட்டிலும், சாதாரணத் தூளைக் குறைவாகப் போட்டு நன்றாக அலசுவது குழந்தைக்கு நன்மை தரும்.

எஞ்சிய தூள் தோலை என்ன செய்கிறது?

நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவரைப் போன்றது. செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு, சாந்து. கரப்பான் உள்ள குழந்தைக்கு இந்தச் சாந்து இயல்பிலேயே குறைவு. அதனால் தோலின் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலிருந்து உறுத்தும் பொருள்கள் எளிதில் உள்ளே நுழைகின்றன. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதே சலவைத்தூளின் வேலை. அது துணியில் தங்கினால், தோலில் மிச்சமிருக்கும் கொழுப்பையும் கரைக்கத் தொடங்கும். மேலும் ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சலவைத்தூளோ சோடா உப்பு கலந்த காரத்தன்மை உடையது.

உலர்ந்த துணியில் உள்ள எச்சம் அவ்வளவாகத் தெரியாது. குழந்தை வியர்க்கும்போது அது மீண்டும் கரைந்து தோலில் படிகிறது. அரக்கோணத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் இது நாள் முழுவதும் நடக்கும். எனவே கழுத்துப்பட்டை உராயும் இடம், அக்குளின் ஓரம், இடுப்பு எலாஸ்டிக் அழுத்தும் இடம் ஆகியவற்றில் சிவப்பும் அரிப்பும் கூடுதலாக இருந்தால், துணியை ஐயுறலாம். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் மட்டும் இருந்தால், அது கரப்பானின் வழக்கமான இடம். துணிதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல இயலாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சலவைத்தூள் கரப்பானை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள கரப்பானைத் தூண்டக்கூடும். தூளால் உண்மையான ஒவ்வாமை ஏற்படுவது அரிது. பெரும்பாலும் ஏற்படுவது எச்சத்தின் உறுத்தலே. ஆகவே துணி துவைக்கும் முறையை மாற்றுவதோடு, மருத்துவர் கொடுத்த ஈரப்பதக் களிம்பையும் மருந்துக் களிம்பையும் நிறுத்தாமல் தொடர வேண்டும்.

ஒரு வாளிக் கணக்கு

நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் உள்ளாடை, சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் சேர்த்து உலர் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் நீரில் 20 கிராம் தூளைக் கரைத்துத் துவைக்கிறோம். துவைத்தபின் நன்றாகப் பிழிந்தால் துணியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தங்குகிறது என்று கொள்வோம். அந்த ஒரு லிட்டரில் 2 கிராம் தூள் இருக்கும்.

அதில் 9 லிட்டர் நல்ல நீரைச் சேர்த்து அலசி, மறுபடியும் பிழிந்தால் எஞ்சுவது 0.2 கிராம். இரண்டாம் முறை அவ்வாறே செய்தால் 0.02 கிராம். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

இப்போது பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்டத் துணியை எடுத்து அடுத்த வாளியில் போடுவதாக எண்ணுங்கள். துணியில் 3 லிட்டர் நீர் தங்கும். அதில் 6 கிராம் தூள் இருக்கும். ஒவ்வொரு முறையும் 7 லிட்டர் புதுநீர் சேர்த்து அலசினால், முதல் முறையில் 1.8 கிராமும், இரண்டாம் முறையில் 0.54 கிராமும், மூன்றாம் முறையில் 0.16 கிராமும் எஞ்சும். அதாவது பிழியாமல் மூன்று முறை அலசுவதும், பிழிந்து ஒருமுறை அலசுவதும் ஏறக்குறைய ஒன்றே. முன்னதற்கு 21 லிட்டர் நீர் செலவு. பின்னதற்கு 9 லிட்டர்.

தூளின் சில துகள்கள் நூலிழையோடு ஒட்டிக்கொள்வதால் நடைமுறையில் எச்சம் இக்கணக்கைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். ஆயினும் கணக்கு காட்டும் வழி மாறாது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள நாளில்கூட, ஒரே பெரிய அலசலுக்குப் பதிலாக அதே நீரை இரண்டாகப் பிரித்து, இடையில் பிழிந்து அலசுங்கள்.

ஆகவே குழந்தையின் துணிக்கான முறை இதுவே: துவைத்து, பிழிந்து, அலசி, பிழிந்து, மீண்டும் அலசி, பிழிந்து, இறுதியாக ஒருமுறை அலசிக் கொடியில் உலர்த்துக. வழக்கமாக நீங்கள் ஒருமுறை அலசுபவராயின், இது இரண்டு அலசல்கள் கூடுதல். செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் துவைத்தவுடன் முதலில் சுழற்றும் தொட்டியில் பிழிந்த பிறகே அலச வேண்டும். ஒவ்வோர் அலசலுக்குப் பின்னும் அவ்வாறே. முழுத் தானியங்கி இயந்திரமாயின் கூடுதல் அலசல் பொத்தானைத் தேர்ந்தெடுத்து, டிரம்மைப் பாதியளவே நிரப்புங்கள். திணித்த துணியினுள் நீர் புகாது.

தண்ணீரைப் பற்றி

நம் பகுதியில் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்புகின்றன. பாலாற்றுக் கரையிலுள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உவர்ப்பேறியது 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற செய்தி. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரில் நுரை எளிதில் எழாது. நுரை வரவில்லை என்று நாம் மேலும் ஒரு கைப்பிடி தூளைப் போடுகிறோம். 20 கிராம் 40 ஆகும்போது எச்சமும் இருமடங்காகிறது. நுரையைப் பார்த்துத் தூளை அளக்காமல், கரண்டியால் அளந்து போடுங்கள். குழந்தையின் துணியில் பெரும்பாலும் வியர்வையும் களிம்புமே இருப்பதால், பாக்கெட்டில் குறித்த அளவில் தொடங்கி மெல்லக் குறைத்துப் பார்க்கலாம்.

கட்டிச் சோப்பைத் துணியில் நேரடியாகத் தேய்ப்பதையும் தவிர்க்கவும். கடின நீரில் சாதாரணச் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து வெண்ணிறப் படிவாகித் துணியிலேயே தங்கும். துணி உலர்ந்தபின் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேமித்துத் துணிக்குப் பயன்படுத்துவது பல வீடுகளில் வழக்கம். அந்த நீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும். பெரியவர்களின் துணிக்கோ தரை துடைக்கவோ அது போதும். குழந்தையின் துணிக்கு, குறிப்பாக இறுதி அலசலுக்கு, வேண்டாம். குழாயில் வரும் நகராட்சி நீர் அல்லது மழைநீர் கிடைத்தால் அதை இறுதி அலசலுக்கு ஒதுக்குங்கள்.

இதற்காக விலையுயர்ந்த நீர் மென்மையாக்கும் கருவியை வாங்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளிடம் அத்தகைய கருவியை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். 2011-இல் வெளியான அதன் முடிவு, வழக்கமான மருத்துவத்தோடு கருவியைச் சேர்த்ததால் நோயில் கூடுதல் குறைவு ஏற்படவில்லை என்பதே.

நறுமணம் ஏன் வேண்டாம்?

தூளில் உள்ள நறுமணப் பொருள்கள் அழுக்கை அகற்ற உதவுவதில்லை. துணியில் தங்குவதற்காகவே சேர்க்கப்படுகின்றன. கடைசி அலசலுக்குப் பின் ஊற்றப்படும் துணி கண்டிஷனர் இன்னும் கூடாதது. அதன்பின் அலசல் இல்லை என்பதால் அது துணியில் தங்கிக் குழந்தையின் தோலில் படுகிறது. இறுதி நீரில் கிருமிநாசினித் திரவம் சில மூடிகள் ஊற்றுவதும் இதே காரணத்தால் தவறானது. சீருடைக்குக் கஞ்சி போடுவதையும் விட்டுவிடுங்கள்.

தூளோ திரவமோ வாங்கும்போது முன்பக்க விளம்பரத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஃபிராக்ரன்ஸ், பெர்ஃப்யூம், பர்ஃபம் ஆகிய சொற்களில் ஒன்றிருந்தால் அதில் நறுமணம் உண்டு. குழந்தைகளுக்கானது என்று அச்சிட்டவற்றிலும் அது இருக்கக்கூடும். மணமில்லாதது என்று மட்டும் சொல்பவற்றிலும், ஒரு மணத்தை மறைக்க வேறொரு மணப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். மூலிகை என்பதாலேயே ஒன்று மென்மையானதாகிவிடாது. பூந்திக்கொட்டைச் சாறும் நுரை தரும் பொருளே, அதையும் நன்கு அலச வேண்டும். நறுமணமற்ற தூள் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காத வரை, இருக்கும் தூளைக் குறைத்து, அலசலைக் கூட்டுங்கள்.

பெற்றோரில் எவரேனும் தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ பணிபுரிந்தால், அவருடைய வேலைத் துணியைத் தனி வாளியில் துவைக்கவும். குழந்தையைத் தூக்குவதற்கு முன் அத்துணியை மாற்றிக்கொள்வதும் நல்லது.

சரியாக அலசியதை எப்படி அறிவது?

இறுதி அலசல் நீரைத் தெளிவான பாட்டில் ஒன்றில் பாதியளவு எடுத்து, மூடிப் பத்து விநாடி குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் குழாய் நீரை எடுத்து அவ்வாறே குலுக்குங்கள். முதல் பாட்டிலில் மட்டும் நுரை நிலைத்து நின்றால் இன்னும் ஓர் அலசல் தேவை.

இம்முறையை நான்கு வாரம் தொடருங்கள். அந்நாள்களில் குளியல் சோப்பு, உணவு, களிம்பு எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எதனால் குணம் வந்தது என்று தெரியாது. துணி உராயும் இடங்களில் சிவப்பு தணிந்தால் முறையைத் தொடரலாம். மாற்றம் இல்லையெனில் துணி காரணமல்ல. அதைக் குறித்துக் கவலைப்படுவதை விட்டு மருத்துவரிடம் வாருங்கள். வரும்போது நீங்கள் பயன்படுத்தும் தூளின் உறையையும் கொண்டு வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஈரப்பதக் களிம்பு துணியில் ஊறிக் காய்ந்தால் அத்துணி எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். துவைப்பதால் களிம்பு குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. ஆகையால் களிம்பு பூசும் குழந்தையை அடுப்பு, விளக்கு, தீபாவளி மத்தாப்பு ஆகியவற்றின் அருகே விடாதீர்கள். நாள்பட்ட பழைய துணிகளை நீக்கிவிடுங்கள்.

தோலில் மஞ்சள் நிறப் பொருக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், அல்லது வலியுடன் கூடிய ஒரே மாதிரியான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றினால், அது துணியாலோ தூளாலோ வந்ததன்று, கிருமித்தொற்றாக இருக்கலாம். இத்தகைய கொப்புளங்கள் தோன்றினால் அவை பரவும்வரை காத்திராமல் அன்றே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.