மோட்டாருக்கு ‘சி’, விளக்குக்கு ‘பி’: எம்.சி.பி. தேர்வில் கவனம்

பாகூர், வில்லியனூர் பகுதி விவசாயிகள், மோட்டாரைப் போட்டதும் எம்.சி.பி. விழுந்தால், முதலில் அதில் ஆம்பியருக்கு முன் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் இழுக்கும். பி10 வகை 30 முதல் 50 ஆம்பியருக்குள் உடனே விழுந்துவிடும். சி10 வகை 50 முதல் 100க்குள்தான் உடனே விழும் என்பதால் மோட்டார் தடையின்றிக் கிளம்பும்.

இதற்காக பி32 மாட்டாதீர்கள். மோட்டார் 12 ஆம்பியர் இழுத்தாலும் அது விழாது, காயில் கருகும். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கே வையுங்கள்.

கொட்டகை விளக்குக்கு பி10 போதும். நீண்ட, மெல்லிய ஒயரின் கடைசியில் ஷார்ட் ஆனால் 80 ஆம்பியர்தான் பாயலாம். பி10 உடனே துண்டிக்கும். சி10 தாமதித்தால் ஒயர் சூடாகி உருகலாம்.