விண்டோஸை மாற்றும் முன் விளையாட்டுச் சேமிப்பைக் காப்பது

கணினி விளையாட்டை டி டிரைவில் நிறுவியிருந்தாலும், அதில் எட்டிய முன்னேற்றம் பெரும்பாலும் சி டிரைவில்தான் பதிவாகிறது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது அழிக்கப்படுவதும் அந்த சி டிரைவ்தான். விளையாட்டு பத்திரமாக இருக்கும், ஆடிய பண்ணை காணாமல் போகும்.

ஸ்டார்டியூ வேலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கோப்புகள் இருக்கும் AppData கோப்புறை வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் விசையுடன் R அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டினால் நேராகத் திறக்கும்:

```
%appdata%\StardewValley\Saves
```

உள்ளே ஒவ்வொரு பண்ணைக்கும் Mani_312458907 என்பதுபோல் ஒரு கோப்புறை. அதே பெயரில் ஒரு கோப்பும், SaveGameInfo என்ற இன்னொன்றும் அதனுள் இருக்கும். இரண்டும் தேவை, பெயரை மாற்றக் கூடாது, மாற்றினால் பண்ணை திறக்காமல் போகலாம்.

விளையாட்டை மூடிவிட்டு Saves முழுவதையும் பென் டிரைவில் நகலெடுக்க வேண்டும். பிறகு நகலின் தேதியைப் பார்ப்பது அவசியம். பாத்திரம் உறங்கும்போதுதான் இந்த விளையாட்டு சேமிக்கிறது. ஆகவே கடைசியாக உறங்கவைத்த நேரமே அங்கே தெரிய வேண்டும். பழைய தேதி இருந்தால் எடுத்தது வேறு பண்ணையாகவோ பழைய நகலாகவோ இருக்கலாம்.

புதிய விண்டோஸில் விளையாட்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, நகலை அதே இடத்தில் வைக்கலாம். இணையத்தில் உள்ள பதிவுக்கும் கணினியில் உள்ளதற்கும் முரண் என்று ஸ்டீம் கேட்டால், தேதியைப் பார்த்துக் கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.