குரூப் போட்டோவுக்கு எந்த கலர்?

கல்லூரியில் பொங்கல் விழா, கல்ச்சுரல்ஸ் என்று வந்துவிட்டால் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதல் சண்டை கலருக்குத்தான். "எல்லாரும் ஒயிட்" என்பார் ஒருவர், "பிளாக் அண்ட் கோல்டு" என்பார் இன்னொருவர். "நான் மாநிறம், எனக்கு அதெல்லாம் எடுபடாது" என்று நடுவில் ஒரு குரல் வரும். பெரும்பாலும் வெள்ளைதான் ஜெயிக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கும், செலவில்லை. கடைசியில் படத்தில் சட்டை பளிச்சென்றும், பல முகங்கள் மங்கலாகவும் விழும்.

குறை தோலில் இல்லை. கேமராவின் கணக்கில் இருக்கிறது. எதிரே இருக்கும் காட்சி மொத்தத்தையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். படம் முழுக்க வெள்ளைத் துணி என்றால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதில் முதலில் அடிபடுவது கருத்த முகங்கள். எல்லாரும் கறுப்பு உடுத்தினால் நேர்மாறு: கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், சிவந்த முகங்கள் வெளிறிப்போகும். இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யப் பார்க்கும். ஆனால் ஒரே படத்தில் நாற்பது முகம், நாற்பது நிறம் என்றால் அதற்கும் திணறல்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, அதன் அடர்த்தியை. வெளிறியதும் வேண்டாம், கறுப்பை ஒட்டியதும் வேண்டாம். இடைப்பட்ட அடர்த்தி போதும். அப்போதுதான் துணியை விட்டுவிட்டு முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைக்க முடியும்.

அடுத்துதான் நிறம். வெளுத்த தோல், மாநிறம், கறுப்பு என்று நாம் பிரித்தாலும், எல்லார் தோலும் ஏறக்குறைய ஒரே ஆரஞ்சுச் சாயலைச் சேர்ந்ததுதான். பெரிதும் வேறுபடுவது அதன் வெளிச்ச அளவு. சினிமாவில் கலர் கரெக்‌ஷன் செய்பவர்களின் திரையில் தோல் நிறத்துக்கென்று ஒரே ஒரு கோடு இருக்கும். யார் முகமானாலும் அதன் அருகில்தான் வந்து விழும். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலமும் பச்சையும் கலந்த பகுதி. அதனால் மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் அறியப்படும் எம்.எஸ். ப்ளூ போன்றவை எந்த முகத்தையும் தனித்துக் காட்டும். சந்தன நிறம், பழுப்பு ஆகியவை தோலின் சாயலிலேயே இருப்பதால் சிலருக்குக் கழுத்தும் துணியும் ஒன்றாகிவிடும். ரேடியம் பச்சை, எலுமிச்சை மஞ்சள் இரண்டும் வெயிலில் தாடைக்குக் கீழே தங்கள் சாயத்தை அடித்துவிடும்; பளபளக்கும் சாட்டின் துணியில் அது இன்னும் கூடும்.

நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே மயில் கழுத்து என்று சொன்னால் சிக்கல் வரும். கடைக்குக் கடை சாயம் மாறும். ஒன்றாக நின்றால் பொருந்தாததுதான் கண்ணில் படும். அதற்குப் பதில் ஒரே அடர்த்தியில் மூன்று நிறம் சொல்லலாம்: மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு. வீட்டில் இருக்கும் புடவையோ குர்தாவோ மூன்றில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும். பையன்களுக்கு வேட்டி வெள்ளையாகவே இருக்கட்டும், சட்டை மட்டும் இந்த நிறங்களில் போதும். ஆனால் வேட்டிக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாகிவிடும், பின்வரிசையில் நிறுத்துங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. வெவ்வேறு நிறத் தோல் உள்ள ஐந்தாறு பேர் தாங்களாக முன்வரட்டும்; யாரையும் நிறத்தைச் சொல்லி அழைக்க வேண்டாம். மாலை நான்கு மணிக்குக் கட்டட நிழலில் நின்று, ஆளுக்கொரு துப்பட்டாவைக் கழுத்தில் போட்டு எல்லாரையும் சேர்த்து ஒரே படமாக எடுங்கள். பிறகு அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எல்லா முகங்களையும்விட துணி மிகவும் வெளுத்துத் தெரிந்தால் அந்த நிறத்தை விட்டுவிடுங்கள். கலரில் பார்க்கும்போது தாடைக்குக் கீழே துணியின் சாயல் படிந்திருந்தாலும் அதே முடிவுதான்.

விழா அன்றும் அதே கட்டட நிழல்தான் சரியான இடம். மரத்தடியில் இலைச் சந்து வழியாக வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுபோகும். போனில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றே மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். வெளுத்த முகங்களின் நெற்றி வெளிறத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

மேடையின் ஊதா, நீல எல்.இ.டி. விளக்கின் கீழ் மட்டும் எந்த நிறமும் உதவாது. அங்கே முகம், துணி எல்லாமே விளக்கின் நிறத்துக்கு மாறிவிடும். ஆகவே குரூப் போட்டோவை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் எடுத்து முடித்துவிடுங்கள்.